வறுத்த மிளகாய்த்தூள் விளம்பரம்: 30 விநாடிக்கு எந்த இசை, எந்தச் சத்தம்?

கொண்டாவில் மகள் · திங்கள், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். அம்மா வீட்டில் வறுத்து இடிக்கும் மிளகாய்த்தூளைப் பொதி செய்து விற்கத் தொடங்கியிருக்கிறோம். பேஸ்புக்கில் போட 30 விநாடி வீடியோ ஒன்று செய்திருக்கிறேன். படம் நன்றாக வந்திருக்கிறது. சத்தம்தான் பிரச்சினை.

பின்னணிக்கு நாதஸ்வரமும் தவிலும் கலந்த மங்கள இசை ஒன்றைப் போட்டேன். யாழ்ப்பாணத்துப் பொருள்தானே, அது பொருந்தும் என்று நினைத்தேன். எண்ணெய் பொரியும் சத்தம் ஒன்றையும் இணையத்தில் எடுத்துச் சேர்த்தேன். பார்த்த பெரியம்மா, "ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டா. அம்மாவின் குரலில் பாதிச் சொல் விளங்கவில்லை. இசையைக் குறைத்தால் வீடியோ செத்துப்போன மாதிரி இருக்கிறது, கூட்டினால் குரல் போய்விடுகிறது.

அம்மா பேசுவது இதுதான்:

"எங்கள் வீட்டுப் பாரம்பரிய முறையில், மல்லி, செத்தல் மிளகாய், மிளகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை அனைத்தையும் பக்குவமாக வறுத்து இடித்துத் தயாரிக்கப்படும் கலப்படமற்ற, சுவையும் மணமும் நிறைந்த யாழ்ப்பாணத்து வறுத்த மிளகாய்த்தூள், மீன் குழம்புக்கும் கத்தரிக்காய்க் குழம்புக்கும் ஏற்றது, இன்றே வாங்கிப் பயன்பெறுங்கள்."

வேறு எந்த இசையைப் போடலாம்?

குளிர்களி திருநெல்வேலி · திங்கள், இரவு 9.05

தங்கச்சி, வேகமான இசை போடுங்கள். எங்கள் ஐஸ்கிறீம் கடை விளம்பரத்துக்கு நிமிடத்துக்கு 120 தட்டு ஓடுகிற இசைதான் போட்டோம். சைலோபோன், கைதட்டு, ஒவ்வொரு படம் மாறும்போதும் ஒரு 'பொப்' சத்தம். சின்னப் பிள்ளைகள் கடைக்கு வந்து அந்த இசையை முணுமுணுக்கிறார்கள். மெதுவான இசை போட்டால் ஆட்கள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஓட்டோ ஒலிபெருக்கி · திங்கள், இரவு 9.30

சுன்னாகம் சந்தைப் பக்கம் ஓட்டோவில் அறிவிப்புச் செய்கிறேன். கூம்பு ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் நன்றாக எடுபடும். தவிலின் அடிச்சத்தம்தான் கேட்காது. குரலைக் கொஞ்சம் உயர்த்திப் பேசச் சொல்லுங்கள், ஒவ்வொரு சந்தியிலும் இரண்டு தரம் போட்டால் போதும். ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் ஓடவேண்டும்?

கொண்டாவில் மகள் · திங்கள், இரவு 9.42

அண்ணா, இது ஓட்டோவுக்கு இல்லை, போனில் பார்க்கிற வீடியோ. ஆனால் தவில் கேட்காது என்று நீங்கள் சொன்னது போனிலும் அப்படித்தான் இருக்கிறது. கணினியில் கேட்டபோது இருந்த தொம் தொம் போனில் இல்லை. மேலே இருக்கிற டக் டக் மட்டும் வருகிறது.

இணுவில் ஒலிக்காரர் · செவ்வாய், காலை 6.15

தங்கச்சி, விடியவே உங்கள் பதிவைப் பார்த்தேன். வானொலி விளம்பரங்களுக்கும் வீடியோக்களுக்கும் ஒலி சேர்ப்பதுதான் பல வருடங்களாக என் வேலை.

"எந்த இசை" என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லமாட்டேன், ஏனென்றால் உங்கள் வசனத்தில் மூச்சு விட இடமே இல்லை. ஒரே வாக்கியம், ஒரே ஓட்டம். அம்மா அதை 30 விநாடிக்குள் முடிக்க ஓடியிருப்பா. அப்படி ஓடுகிற குரலுக்குப் பின்னால் எதை வைத்தாலும் சண்டைதான் வரும். இசைக்கும் சத்தத்துக்கும் இடம் கிடைப்பது குரல் நிற்கிற இடங்களில். நீங்கள் அந்த இடங்களை வசனத்திலேயே அடைத்துவிட்டீர்கள்.

மேளத்தைப் பற்றி. தெட்சணாமூர்த்தியின் தவிலை ஒலிப்பதிவில் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊரில் இருந்து சொல்கிறேன், எனக்கு அதில் உயிர். ஆனாலும் உங்கள் பொருளுக்கு அது வேண்டாம். யாழ்ப்பாணத்துக் காதுக்கு நாதஸ்வரம் கேட்ட உடனே கோயில் வீதியும் மணவறையும் வந்துவிடும். உங்கள் தூள் செவ்வாய்க்கிழமை மத்தியானக் குழம்புக்குரிய பொருள். பெரியம்மா கேட்ட கேள்வியை விட்டுவிடாதீர்கள், அவ சரியாகப் பிடித்திருக்கிறா. இன்னொன்று, நாதஸ்வரம் ஊதுகிற வாத்தியம். சுரம் தொடர்ந்து நிற்கும், அதன் கூர்மை பெண் குரலில் மெய்யெழுத்துக்கள் தெளிவாகிற அதே பகுதியில் வந்து உட்காரும். அதனால்தான் குறைத்தால் செத்துப்போகிறது, கூட்டினால் குரல் போகிறது. நடுவில் ஒரு நல்ல அளவு அங்கே இல்லவே இல்லை.

எண்ணெய் பொரியும் சத்தத்தை உடனே எடுத்துவிடுங்கள். நீங்கள் மல்லியை எண்ணெயிலா வறுக்கிறீர்கள்?

கொண்டாவில் மகள் · செவ்வாய், காலை 7.02

இல்லை அண்ணை, வெறும் தாச்சியில்தான். எண்ணெய் தொடுவதே இல்லை.

இணுவில் ஒலிக்காரர் · செவ்வாய், காலை 7.10

பாருங்கள். தூள் வறுக்கத் தெரிந்த ஒரு பெண் அந்தச் சத்தத்தைக் கேட்டால், "இவையள் பொரிக்கினம்" என்றுதான் நினைப்பா. படத்தில் காய்ந்த மல்லி, காதில் கொதிக்கிற எண்ணெய். ஏன் ஒட்டவில்லை என்று அவவுக்கே சொல்லத் தெரியாது, ஆனால் நம்பிக்கை ஒரு இழை குறைந்துவிடும். நீங்கள் விற்பதே "வீட்டில் செய்தது" என்ற நம்பிக்கையைத்தானே.

இரண்டு வேலை செய்யுங்கள். முதலில், அம்மா தூள் செய்யும்போது பக்கத்தில் இருந்து, அந்த வேலையில் என்னென்ன சத்தம் வருகிறது என்று கண்ணை மூடிக் கேட்டு எழுதுங்கள். பிறகு அம்மாவிடம் "தூள் எப்படிச் செய்யவேணும்?" என்று சும்மா கேட்டு, அவ சொல்வதைப் பதிவு செய்யுங்கள். எழுதிக் கொடுத்து வாசிக்கவைக்க வேண்டாம்.

சுருதி · செவ்வாய், மாலை 4.20

நான் வீணை கற்பிக்கிறேன். ஒலிக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இராகத்தைத் தேர்ந்தால் மனநிலை தானாக வந்துவிடும். முகாரி வேண்டாம், துயரம். நீலாம்பரி வேண்டாம், தாலாட்டாகிவிடும். மோகனம் பளிச்சென்று இருக்கும், ஆனால் எல்லா விளம்பரமும் அதைத்தான் பிடிக்கிறது. வீட்டின் இதமும் தாயின் கையும் வேண்டுமென்றால் ஆனந்தபைரவி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இணுவில் ஒலிக்காரர் · செவ்வாய், மாலை 5.00

ரீச்சர், கச்சேரியில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. விளம்பரத்தில் பாதி சரி என்பேன். குரலுக்குக் கீழே தாழ்த்தி வைத்த இசையில் காதுக்கு முதலில் எட்டுவது வாத்தியத்தின் நிறமும் நடையும்தான். இராகம் அதற்குப் பிறகு, அதுவும் தனியாகக் கேட்கிற சில விநாடிகள் கிடைத்தால். ஆனந்தபைரவியையே நாதஸ்வரத்தில் வாசித்தால் இந்த வீடியோ திரும்பவும் கலியாண வீடாகிவிடும்.

ஆனால் வீணை என்ற யோசனையை நான் பிடித்துக்கொள்கிறேன். மீட்டின சுரம் எழும்பி, உடனே தேயத் தொடங்கிவிடும். அந்தத் தேய்விலே குரல் வந்து இருக்கலாம். வயலினும் புல்லாங்குழலும் அப்படி விலகித் தராது.

சுருதி · செவ்வாய், மாலை 5.25

ஆனந்தபைரவியை அடையாளம் காண ஒரு பிடி போதும், அரை நிமிடம் தேவையில்லை. பெயர் தெரியாதவர்களுக்கும் அந்தக் குழைவு உள்ளே இறங்கும். இதில் நான் உங்களோடு உடன்படமாட்டேன்.

சாவகச்சேரி கமரா · செவ்வாய், இரவு 7.45

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன், என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு நகைக்கடை வீடியோவுக்குப் படப் பாடல் ஒன்றின் இசையை வெட்டிப் போட்டேன். அழகாக இருந்தது. பேஸ்புக்கில் ஏற்றி அடுத்த நாள் பார்த்தால் முழு வீடியோவும் ஊமை. கடைக்காரர் காசு தந்து விளம்பரப்படுத்தியிருந்தார், அந்தக் காசும் போயிற்று. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் இருக்கிறது, உரிமையாளர் கேட்டால் பதில் சொல்லவேண்டும். யூடியூபின் இலவச இசைத் தொகுப்பில் மனநிலைப்படி பிரித்து வைத்திருக்கிறார்கள், அதில் எடுங்கள்.

இணுவில் ஒலிக்காரர் · செவ்வாய், இரவு 8.10

தம்பி சொன்னது முக்கியம். அந்தத் தொகுப்பில் "மகிழ்ச்சி", "அமைதி" என்று இருக்கும் பெயர்களை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அங்கே "மகிழ்ச்சி" என்றால் பெரும்பாலும் கிட்டாரும் சீழ்க்கையும் கைதட்டும். அது ஐஸ்கிறீமுக்குப் பொருந்தும், மிளகாய்த்தூளுக்குப் பொருந்தாது.

குளிர்களி திருநெல்வேலி · செவ்வாய், இரவு 8.30

அண்ணை, என் விளம்பரத்தை நீங்கள் பார்த்தீர்களா? குறை இருந்தால் சொல்லுங்கள். அடுத்ததும் செய்யப்போகிறோம்.

இணுவில் ஒலிக்காரர் · செவ்வாய், இரவு 9.15

இப்போதுதான் பார்த்தேன் தம்பி. வேகம் சரி. உங்கள் பொருள் குளிர், விளையாட்டு, அவசரம். உருகிறதுக்கு முன் சாப்பிடவேண்டிய பொருள். 120 அதற்கு இயல்பான நடை. ஆனால் 15 விநாடிக்குள் சத்தங்களை எண்ணினேன், பதினொன்று. கரண்டி கோப்பையில் 'டிங்' என்று படுகிற ஒரு சத்தம் இருக்கிறதே, அது மட்டும்தான் உங்கள் கடையின் சத்தம். மற்றப் பத்தும் அதை மூடிவிட்டன. அடுத்ததில் 'பொப்'களை எடுத்துவிட்டு அந்த டிங்கை மட்டும் இரண்டு இடத்தில் வைத்துப் பாருங்கள்.

கொண்டாவில் மகள் · புதன், இரவு 9.50

இன்று அம்மா தூள் செய்த நாள். அண்ணை சொன்ன மாதிரிக் கண்ணை மூடி இருந்து எழுதினேன். மல்லி தாச்சியில் உரசுகிற சத்தம். அகப்பை தாச்சி விளிம்பில் தட்டுப்படுவது. செத்தல் மிளகாய் வறுபடும்போது கலகலவென்று காய்ந்த சத்தம். பிறகு உலக்கை. கடைசியில் அரிதட்டு. அம்மா ஒரு கையால் அரிதட்டைப் பிடித்து மற்றக் கையின் அடிப்பக்கத்தால் தட்டுவா, தட்டத் தட்டத் தூள் இறங்கும். இந்தச் சத்தத்தை நான் பிறந்ததில் இருந்து கேட்கிறேன், இன்றைக்குத்தான் கவனித்தேன், அம்மா எப்போதும் ஒரே வேகத்தில் தட்டுகிறா.

அம்மாவிடம் சும்மா கேட்டதும் சொன்னது: "மல்லி தனிய வறுக்கவேணும். மிளகாய் தனிய வறுக்கவேணும். அவசரப்பட்டாக் கருகும்." அவ்வளவுதான். பிறகு வேலைக்குப் போய்விட்டா.

போனில் பதிவு செய்த வறுக்கிற சத்தம் சரியாக வரவில்லை. தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. சில இடத்தில் அந்தச் சத்தமே இல்லாமல் போய்த் திரும்ப வருகிறது.

இணுவில் ஒலிக்காரர் · வியாழன், காலை 5.50

தங்கச்சி, உங்களுக்கு வசனம் கிடைத்துவிட்டது. அம்மா சொன்ன மூன்று வரியும் அப்படியே போதும். "பாரம்பரியம், பக்குவம், கலப்படமற்ற" என்று நீங்கள் எழுதிய எல்லாம் "அவசரப்பட்டாக் கருகும்" என்ற இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. உங்கள் தூளின் குணம் நிதானம். இனி இசை, சத்தம், இடைவெளி எல்லாவற்றையும் அந்தக் குணத்தோடு வைத்துப் பாருங்கள். நாலாவது வரியாக நீங்கள் உங்கள் குரலில் "அம்மா அவசரப்படுறதில்லை" என்று சொல்லுங்கள். கடைசியில் பொருளின் பெயரும் ஊரும் மட்டும்.

மழைச் சத்தம் ஏன் வந்தது என்றால், மல்லி உரசுவது ஒரே சீரான 'சர்ர்' ஓசை. மழையும் அப்படி, குழாய்த் தண்ணீரும் அப்படி. எது என்று காதுக்குச் சொல்ல ஒரு அடையாளம் வேண்டும். அந்த அடையாளம் அகப்பை தாச்சியில் படுகிற சத்தம். அம்மாவைக் கிளறும்போது இரண்டு மூன்று தரம் விளிம்பில் தட்டச் சொல்லுங்கள், பிறகு யாரும் மழை என்று நினைக்கமாட்டார்கள்.

சத்தம் மறைந்து மறைந்து வருவது போனின் வேலை. பல போன்களின் குரல் பதிவுச் செயலி, சீராக வருகிற ஓசையை இரைச்சல் என்று எண்ணித் தானாக அழிக்கும். உங்களுக்கு வேண்டியதே அந்த ஓசைதான். செயலியின் அமைப்பில் இரைச்சல் குறைப்பு இருந்தால் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வேறு செயலியில் பதியுங்கள். போனைத் தாச்சிக்கு மேலே பிடிக்காமல் பக்கவாட்டில் இரண்டு சாண் தள்ளி வையுங்கள், ஆவியும் சூடும் படாது. மின்விசிறி, குளிர்சாதனப்பெட்டி இரண்டும் நிற்கட்டும். மிளகாய் வறுக்கும்போது பதிய வேண்டாம், இருமல்தான் பதிவாகும்.

அரிதட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்ததும் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். உங்கள் இசையின் வேகம் அதில் இருக்கிறது. அம்மா தட்டுவதை அளந்து சொல்லுங்கள்.

கொண்டாவில் மகள் · வியாழன், மாலை 6.30

அளந்துவிட்டேன். முதல் தட்டில் தொடங்கிப் பத்தாவது தட்டுவரை 6.75 விநாடி. கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு 89 தட்டு வருகிறது. இலவசத் தொகுப்பில் 89 வேகத்தில் ஒரு வீணை இசை எடுத்துச் சேர்த்துப் பார்த்தேன். முதல் இரண்டு தட்டு சேருகிறது, நாலாவது தட்டு வரும்போது இசை முந்திக்கொண்டு போகிறது. அம்மாவின் வேகம் மாறுகிறதா?

இணுவில் ஒலிக்காரர் · வியாழன், மாலை 7.00

அம்மாவில் பிழை இல்லை, கணக்கில்தான். பத்துத் தட்டுக்கு இடையில் இருப்பது ஒன்பது இடைவெளி. முதல் தட்டைப் பூச்சியம் என்று எண்ணவேண்டும். 6.75ஐ ஒன்பதால் பிரித்தால் ஒரு இடைவெளி 0.75 விநாடி. நிமிடத்துக்கு 80. நீங்கள் எடுத்த இசையில் ஒரு தட்டு ஏறக்குறைய 0.67 விநாடி. நாலாவது தட்டுக்குள் கால் விநாடி முந்திவிடும், காது அதைக் கட்டாயம் பிடிக்கும்.

சுருதி · வியாழன், மாலை 7.20

நிமிடத்துக்கு 80 என்றால் ஒரு ஆதி தாள ஆவர்த்தனம், அதாவது எட்டு அட்சரம் கொண்ட ஒரு சுற்று, சரியாக 6 விநாடி. 30 விநாடிக்கு ஐந்து ஆவர்த்தனம், மிச்சமே இல்லை! இதைக் கணக்குப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. தங்கச்சி, தொகுப்பில் தேட வேண்டாம். என் மாணவி ஒருத்தி வாசிப்பாள். எத்தனை ஆவர்த்தனம் வேண்டுமோ அதற்கேற்பச் சின்னதாக நாங்களே அமைத்துத் தருகிறோம். உரிமைப் பிரச்சினையும் வராது.

இணுவில் ஒலிக்காரர் · வியாழன், இரவு 8.30

ரீச்சர், இதைவிட நல்ல செய்தி இல்லை. அப்போ ஆவர்த்தனமாகவே பிரித்துப் போடுகிறேன்.

முதல் ஆவர்த்தனத்தின் முதல் 3 விநாடி வறுக்கிற சத்தம் மட்டும், அகப்பைத் தட்டோடு. குரலும் இல்லை, இசையும் இல்லை. 3ஆவது விநாடியில் "மல்லி தனிய வறுக்கவேணும்". இரண்டாவது ஆவர்த்தனத்தில் "மிளகாய் தனிய வறுக்கவேணும்", பிறகு 9ஆவது விநாடியில் "அவசரப்பட்டாக் கருகும்". அதுவரை வறுக்கிற சத்தம் குரலுக்குக் கீழே மெல்லியதாகப் போகட்டும். "கருகும்" முடிந்ததும் அதையும் நிறுத்துங்கள்.

12ஆவது விநாடி. அரிதட்டு. தட்டு, தட்டு, தட்டு, தட்டு. நாலு தட்டுக்கு 3 விநாடி. ஐந்தாவது தட்டு விழவேண்டிய 15ஆவது விநாடியில் தட்டு விழாது, அந்த இடத்தில் வீணையின் முதல் சுரம் விழும். அம்மாவின் கை தாளம் போட்டுக் கொடுக்க வீணை எடுத்த மாதிரி இருக்கும். அதற்கு மேல் "அம்மா அவசரப்படுறதில்லை". 18இல் இருந்து 3 விநாடி வீணை தனியாக, தூள் இறங்குகிற படத்தோடு. 21இல் பெயரும் ஊரும். 27க்குப் பிறகு எவரும் பேச வேண்டாம், கடைசிச் சுரம் தேயட்டும்.

அம்மாவுக்குத் தாளக்கருவியைக் கேட்கவைத்துத் தட்டச் சொல்லாதீர்கள், கை இறுகிப்போகும். வழக்கம்போல இரண்டு நிமிடம் தட்டட்டும், அதில் சீராக வந்த நாலை எடுங்கள்.

வடமராட்சி வாசகன் · வியாழன், இரவு 9.40

நான் இந்தத் துறை இல்லை, ஆனால் ஒரு கேள்வி. பாதி வீடியோ வரை இசையே இல்லையா? பேஸ்புக்கில் முதல் இரண்டு மூன்று விநாடியில் பிடிக்காவிட்டால் ஆட்கள் போய்விடுவார்கள். பலர் சத்தத்தை நிறுத்தித்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இந்த அரிதட்டும் வீணையும் எதற்கு?

இணுவில் ஒலிக்காரர் · வியாழன், இரவு 10.05

நியாயமான கேள்வி தம்பி. சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காக நாலு வரியையும் எழுத்தாகப் படத்தில் போடவேண்டும், அதைத் தவிர வழியில்லை. சத்தத்தோடு பார்ப்பவரை எடுத்துக்கொண்டால், அவருக்கு முன்னால் ஓடின வீடியோவும் இசை, அடுத்து வருவதும் இசை. நடுவில் ஒரு அகப்பை தாச்சியில் படுகிற சத்தம் மட்டும் வந்தால் அவர் விரல் நிற்கும் என்பது என் நம்பிக்கை. ஆனால் எண் கொடுத்து நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

குளிர்களி திருநெல்வேலி · வியாழன், இரவு 10.20

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. தொடக்கத்தில் மெல்லிய சுருதியாவது போட்டால் என்ன?

சுருதி · வியாழன், இரவு 10.35

தம்புராச் சுருதி போட்டால் கச்சேரி தொடங்கப்போகிறது என்று எல்லோரும் காத்திருப்பார்கள். வேண்டாம்.

கொண்டாவில் மகள் · ஞாயிறு, மாலை 3.15

முதல் சேர்ப்பு முடிந்தது. ரீச்சரின் மாணவி நேற்று வந்து வாசித்துத் தந்தாள், ஆனந்தபைரவியில்தான். நாலு தட்டுக்குப் பிறகு வீணை விழுகிற இடத்தைக் கேட்டுவிட்டு அம்மா ஒன்றும் பேசவில்லை. திரும்ப ஒருக்கால் போடு என்றா.

இரண்டு சிக்கல். 15ஆவது விநாடியில் வீணையும் என் குரலும் ஒன்றாக விழுகின்றன, "அம்மா" என்ற சொல் அமுங்கிப் "மா அவசரப்படுறதில்லை" என்று கேட்கிறது. அடுத்தது, வீணையை எவ்வளவு தாழ்த்துவது என்று தெரியவில்லை. என் ஹெட்போனில் சரியாக இருக்கிறது, பெரியம்மாவின் போனில் குரலை மூடுகிறது.

இணுவில் ஒலிக்காரர் · ஞாயிறு, மாலை 4.00

முதலாவதுக்குக் குரலை ஒரு தட்டுத் தள்ளுங்கள், 15.75இல் தொடங்கட்டும். மீட்டின உடனே வருகிற அந்த முதல் கூர் கழிந்துவிடும், சுரம் தேயும்போது "அம்மா" வரும். வீணையை இழுக்காதீர்கள், அது தாளத்தில் இருக்கவேண்டும்.

இரண்டாவதுக்கு, குரல் வருகிற இடங்களில் வீணை குரலைவிட 15 டெசிபெல் கீழே இருக்கட்டும், அங்கிருந்து காதால் கூட்டிக் குறையுங்கள். தனியாக வருகிற 3 விநாடியில் மெல்ல மேலே வரட்டும். நீங்கள் ஓடாசிட்டி பாவிப்பதாக இருந்தால் `Auto Duck` இதைத் தானாகச் செய்யும், ஆனால் இரண்டே இடத்துக்கு அது தேவையில்லை. கையால் கோடு வரைந்து தாழ்த்துவது இதமாக இருக்கும், திடீரென்று விழாது.

ஹெட்போனை நம்பாதீர்கள். குசினியில் குழாயைத் திறந்துவிட்டு, போனை மேசையில் வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று கேளுங்கள். உங்கள் பொருளை வாங்குகிறவர் அப்படித்தான் கேட்பார். நாலு வரியில் ஒரு சொல் தவறினாலும் வீணையை இன்னும் 2 டெசிபெல் இறக்குங்கள்.

கொண்டாவில் மகள் · ஞாயிறு, இரவு 8.55

செய்தேன். குழாயைத் திறந்துவிட்டுப் பெரியம்மாவை அடுப்படியில் நிற்கவைத்தேன். வீணை 15 டெசிபெல் கீழே இருந்தபோது "கொண்டாவில்" என்ற சொல் அவவுக்கு விளங்கவில்லை. 17இல் எல்லாம் விளங்கியது. வறுக்கிற சத்தத்தையும் குறைக்க வேண்டியிருந்தது, "மிளகாய் தனிய" என்பதில் 'த' மறைந்துபோனது. இந்த முறை அவ கலியாணம் என்று கேட்கவில்லை. "ஆர் உது அரிக்கிறது, கொம்மாவே?" என்றா.

சாவகச்சேரி கமரா · ஞாயிறு, இரவு 9.20

தங்கச்சி, அம்மா தட்டுகிற அந்த நாலு தட்டிலும் படத்தை வெட்டாதீர்கள். ஒரே படமாக, கையும் அரிதட்டும் தெரிய விடுங்கள். கையின் அசைவும் சத்தமும் ஒரு நூலளவு விலகினாலும் தெரியும், அதனால் அந்த நாலுக்கும் சத்தம் எடுத்த அதே படத்தைப் பாவியுங்கள்.

கொண்டாவில் மகள் · ஞாயிறு, இரவு 9.31

ஐயோ, சத்தம் வேறு நாள், படம் வேறு நாள் எடுத்தது. அதுதான் மூன்றாவது தட்டில் ஏதோ இடித்தது. நாளை திரும்ப எடுக்கிறேன்.

வடமராட்சி வாசகன் · ஞாயிறு, இரவு 10.00

நான் கேட்ட கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. இரண்டு வடிவம் போட்டுப் பார்க்க முடியாதா? ஒன்று இப்படி, மற்றது தொடக்கத்திலேயே வீணையோடு.

இணுவில் ஒலிக்காரர் · ஞாயிறு, இரவு 10.20

போடலாம். ஆனால் தொடக்கத்திலேயே வீணை வந்துவிட்டால் 15ஆவது விநாடியில் அது வந்து விழுவதற்கு ஒரு அர்த்தமும் இருக்காது. அப்படியென்றால் அந்த வடிவத்துக்கு அரிதட்டைப் பிரித்து வேறுவிதமாக அமைக்கவேண்டும், அது வேறு விளம்பரம். தங்கச்சிக்கு நேரம் இருந்தால் செய்து, இரண்டையும் வெவ்வேறு வாரத்தில், வாரத்தின் ஒரே நாளில் ஒரே நேரத்துக்கு ஏற்றி, எத்தனை பேர் 15ஆவது விநாடியைத் தாண்டிப் பார்த்தார்கள் என்று பேஸ்புக் காட்டுவதை ஒப்பிடட்டும். எனக்கும் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஓட்டோ ஒலிபெருக்கி · திங்கள், காலை 6.40

தங்கச்சி, இதன் சத்தத்தை மட்டும் எனக்கு அனுப்புவீர்களா? சந்தைக்குள் போட்டுப் பார்க்கலாம்.

இணுவில் ஒலிக்காரர் · திங்கள், காலை 7.05

தம்பி, சந்தையில் படம் இல்லை. முதல் 3 விநாடி வறுக்கிற சத்தம் இரைச்சலோடு கரைந்துவிடும், வீணையின் தேய்வும் கூம்பில் எடுபடாது. அரிதட்டின் நாலு தட்டை முன்னுக்குக் கொண்டுவந்து, உடனே அம்மாவின் மூன்று வரி, பிறகு பெயர். வீணை வேண்டாம். 12 விநாடிக்குள் முடியும். தங்கச்சி, அந்தத் தட்டுச் சத்தத்தைத் தனிக் கோப்பாக வைத்திருக்கிறீர்கள்தானே?

கொண்டாவில் மகள் · திங்கள், காலை 7.30

வைத்திருக்கிறேன் அண்ணை. ஆனால் இன்று திரும்ப எடுக்கப்போவதால் புதியதை அனுப்புகிறேன். அம்மா மல்லியை வெயிலில் போட்டுவிட்டா.